ஒப்புக்கு வரைந்த இரண்டாவது வழி

என் பெயர் வில்பிரட், வயது நாற்பத்தாறு. சேலையூரிலிருந்து கேம்ப் ரோடு நெரிசலில் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு, பெருங்களத்தூரில் ஒரு சிறிய இயந்திர வடிவமைப்பு நிறுவனத்துக்குப் போய்வருவதுதான் இருபது வருடமாக என் வாழ்க்கை வரலாறு. எனக்கு இயந்திரம் வரையத் தெரியும். வரைந்ததை நாலு பேர் முன்னால் விளக்கத்தான் வராது.

பந்தியில் முதலில் பாயசத்தை ஊற்றுகிற ஆள் நான். வரைந்ததைக் காட்டி ஒப்புதல் வாங்கும் டிசைன் ரிவ்யூ கூட்டம் என்றால் முதல் ஸ்லைடிலேயே என் இயந்திரத்தைத் திரையில் சுழலவிடுவேன். யாராவது, "இது எதுக்கு?" என்று கேட்டால் கோபம் வரும். அழகைப் பார்த்தும் கேட்கிறானே என்று.

இப்படித்தான் ஒரு மருந்து ஆலைக்கான தூக்குவண்டி இரண்டு ரிவ்யூவில் திரும்பி வந்தது. தொண்ணூறு கிலோ மோட்டாரை ஒருவரே ஆளுயரத்துக்கு ஏற்றிப் பொருத்த வேண்டும். நான் பேட்டரியில் ஓடும் லிப்ட் வரைந்திருந்தேன். இருபதே நொடியில் ஏறிவிடும்.

எங்கள் தலைவர் தயாளன் கூப்பிட்டுச் சொன்னார்: "வில்பிரட், மூணாவது வாட்டியும் திரும்பி வந்தா, வேலை நம்ம நாவலூர் ஆபீசுக்குப் போயிடும். நீ இங்க மத்தவங்க டிராயிங்கை செக் பண்ணிட்டு உக்காரு." அடுத்தவன் வரைந்ததில் அளவு விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்தே நான் ஓய்வுபெற வேண்டியதுதான்.

பக்கத்து மேஜை ஜாஸ்மின் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். "சார், முதல்ல என்ன தேவைன்னு சொல்லுங்க. அப்புறம் என்னென்ன வழி யோசிச்சீங்கன்னு. கடைசியா எதை எடுத்தீங்க, ஏன் எடுத்தீங்கன்னு" என்றாள்.

யோசித்த வழிகளா? நான் யோசித்தது ஒன்றே ஒன்று. ஆனால் ஒரே வழியைக் காட்டினால் சிரிப்பார்களே. அதனால் தோற்பதற்கென்றே இரண்டு வழி வரைந்தேன், விளையாட்டில் ஒப்புக்குச் சப்பாணி சேர்ப்பதுபோல. ஒன்று, கம்பி வடத்தைக் கையால் சுற்றிச் சுமை தூக்கும் வின்ச். கைப்பிடியை விட்டால் தானாகப் பிரேக் பிடித்து நிற்கும் சாதாரண வகை. நாற்பது நிமிடத்தில் முடித்தேன். இன்னொன்று, காலால் மிதிக்கும் ஹைட்ராலிக் ஜாக்.

பிறகு தேவைகளை எழுத, ஆலைக்குப் போனபோது குறிப்பெடுத்த நோட்டைத் திறந்தேன். ஏழு தேவைகள் இருந்தன. இரண்டு நிமிடத்துக்குள் ஏற்றினால் போதும் என்பது மூன்றாவது. என் இருபது நொடியை யாருமே கேட்கவில்லை! ஐந்தாவது, அங்கே பராமரிப்பு பார்க்கும் கதிரேசன் சொன்னது: சுமை மேலே இருக்கும்போது மின்சாரமோ பேட்டரியோ போனாலும் ஒருவரே கீழே இறக்க முடிய வேண்டும்.

தேவைகளை இடப்பக்கம் அடுக்கி, மூன்று வழிகளையும் மேலே எழுதி, கட்டம் கட்டமாக நிரப்பினேன். ஹைட்ராலிக்கில் எண்ணெய் கசியலாம், மருந்து ஆலையில் அது ஆகாது. என் லிப்டில் பேட்டரி தீர்ந்தால் பிரேக் சுமையைப் பிடித்துக்கொள்ளும். கையால் இறக்க வழியே வைக்கவில்லை. வைத்தால் வண்டியின் எடை வரம்பைத் தாண்டியது. இரண்டு முறை கணக்குப் போட்டும் தாண்டியது. சப்பாணியாகச் சேர்த்த கை வின்ச் மட்டும் ஏழு கட்டத்திலும் தேறியிருந்தது.

அந்த ஐந்தாவது வரியை அழித்துவிட்டால் என்ன என்று நினைத்தேன். நினைத்ததென்ன, அழித்தே விட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது. திரும்ப எழுதினேன்.

ரிவ்யூவுக்குக் கதிரேசனும் வந்திருந்தார். ஒவ்வொரு தேவையையும் அதைக் கேட்டவர் பெயரோடு சொன்னேன். மூன்று வழிகளைக் காட்டினேன், கட்டத்தைக் காட்டினேன். தேர்ந்தெடுத்தது கை வின்ச் என்றேன்.

தயாளன் நிமிர்ந்தார். "உன் எலக்ட்ரிக் லிப்ட் என்னாச்சு?"

"அஞ்சாவதுல பெயில் சார்."

கதிரேசன் தலையாட்டினார். "கைல சுத்தறது ஒண்ணும் கஷ்டமில்ல சார். மோட்டாரு மேலயே மாட்டிகினு நின்னுச்சுன்னாதான் பேஜாரு."

கைப்பிடியில் எவ்வளவு விசை வேண்டும், கம்பி வடம் எவ்வளவு தாங்கும் என்று கேட்டார்கள். பதில் இருந்தது. மாதிரி ஒன்று செய்து சோதிக்கச் சொல்லி ஒப்புதல் கொடுத்தார்கள். வேலை என்னிடமே நின்றது.

"இந்த வின்ச்சை வரைய எத்தனை நாள்?" என்று தயாளன் கேட்டார்.

"நாற்பது நிமிஷம் சார்."

"அந்த லிப்ட்?"

"மூணு மாசம்."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே வலித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் எழுந்து போனபின் ஜாஸ்மின் முடிவுகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். "லிப்ட் நீக்கம்னு போட்டுட்டேன். காரணம் ஒரு வரி போதுமா சார்?"

"போதும்மா."

"நீக்கியவர்னு யார் பேரைப் போடறது?"

என் பெயரைச் சொன்னேன். எழுத்துப்பிழை இல்லாமல் அடித்தாளா என்று பக்கத்தில் நின்று பார்த்தேன்.