அழித்தது நான்கு எழுத்து

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், அழிந்துபோன ஃபைலை மீட்டுக் கொடுப்பது என்று ஏதாவது வேலை இருந்துகொண்டே இருக்கும். என் தங்கை ராஜபாளையத்தில் இருக்கிறாள். அவள் கணவர் ராணுவத்தில் இருந்தார். முகாமுக்கு வெளியே நடந்த பைக் விபத்தில் இறந்துபோனார். அவருடைய போனும் அதிலேயே நொறுங்கிவிட்டது.

கடைசியாக அவர் அவளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. அவளுடைய பழைய போன் படுத்துவிடவே, அதை மட்டும் மெமரி கார்டில் எடுத்துக்கொண்டு, போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கினாள். பழைய வாட்ஸ்அப் செய்திகள் எதுவும் புதுப் போனுக்கு வரவில்லை. அந்த ஃபைலின் பெயர் வெறும் எண்களாக நீண்டு கிடந்தது. “வேற எதோடயும் கலந்துரும் ஏட்டி, ஒரு பேரு வச்சுக்கோ” என்று சொன்னது நான்தான்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் கடையைத் திறக்கும்போது வாசலில் நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

“அக்கா, அவிய பேசுனது கேக்க மாட்டேங்குது. என்னென்னவோ எழுத்தா வருது.”

கார்டை வாங்கி, முதலில் கம்ப்யூட்டரில் ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். அவள் வைத்த பெயர் மட்டும் இருந்தது. முன்பு பெயரின் கடைசியில் புள்ளி வைத்து ஒட்டியிருந்த opus என்ற வாலை, எண்களோடு சேர்த்து அழித்திருந்தாள். வால் இல்லாததால் இது பாட்டா படமா என்று போனுக்குத் தெரியவில்லை. எதில் திறக்கட்டும் என்று கேட்டிருக்கிறது. இவள் எழுத்துகளைத் திறக்கும் ஆப்பைத் தொட்டிருக்கிறாள்.

நகலை நானும் எழுத்தாகவே திறந்தேன். குப்பை போல் தெரிந்தாலும் அதில் அடையாளம் இருக்கும். முதல் வரியிலேயே OpusHead என்று இருந்தது. குரல் செய்திக்கு உள்ள முத்திரை அது. எனக்கு உயிர் வந்தது.

“குரல் ஃபைல்தான் ஏட்டி. முன்னால OggS-னு நாலு எழுத்து இருக்கணும், அதைக் காணோம். நீ எதும் தொட்டியா?”

“முன்னால அழுக்கு மாதிரி இருந்துச்சு. அதை எடுத்தா அவிய குரல் வந்துரும்னு நெனைச்சேன். நாலே எழுத்துதான்க்கா அழிச்சேன். அழிச்சிட்டு சேவ் பண்ணேன்.”

“நாலு எழுத்துதான, திரும்ப அடிச்சிரலாம்” என்று சொல்லிக்கொண்டே திரையில் கீழே இறங்கினேன். பிறகுதான் கண்ணில் பட்டது. கறுப்பு வைர வடிவத்துக்குள் ஒரு கேள்விக்குறி. அடுத்ததும் அதே. பக்கம் பக்கமாக அதே.

சந்தேகம் தீர, என் போனிலிருந்த வேறொரு குரல் செய்தியை எடுத்து, பைட் பைட்டாகக் குறியீடுகளில் காட்டும் நிரலில் இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். என்னுடையதில் ஒவ்வொரு பைட்டும் வேறு வேறு. இவளுடையதில் அந்தக் கேள்விக்குறிக்கான EF BF BD என்ற மூன்றே திரும்பத் திரும்ப. ஃபைலின் அளவும் ஒரு நிமிஷத்துக்கும் குறைவான செய்திக்கு இருக்க வேண்டியதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகியிருந்தது.

தனக்குப் படிக்கத் தெரியாத ஒவ்வொன்றுக்கும் அந்த ஆப் ஒரு கேள்விக்குறியைக் காட்டியிருக்கிறது. காட்டியதோடு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. சேவ் பண்ணியதும் அந்தக் கேள்விக்குறிகளையே ஃபைலில் எழுதிவிட்டது. எந்தக் குறிக்கு அடியில் எது இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

என்னால் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை. கார்டு கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அப்படிச் சொன்னால் வேறு கடைக்கு எடுத்துப்போவாள். இன்னும் நாலு பேர் முன்னால் நின்று கேட்பாள். உண்மையைச் சொல்லிவிட்டேன். கார்டில் பழையது எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று மீட்பு நிரலையும் மதியம்வரை ஓட்டிப் பார்த்தேன். இல்லை. பழையதன் மேலேயே புதியதை எழுதியிருந்தது.

“அப்போ ஃபைலு நல்லாத்தான் இருந்துச்சா? நான் அழிக்கிறதுக்கு முன்னால?”

“ஆமா. பேருல வாலைச் சேத்திருந்தா பேசியிருக்கும்.”

அவள் அழவில்லை. “கேஸ் சிலிண்டர் வந்துச்சா, மழை பெய்யுதா, அம்புட்டுதான்க்கா கேட்டாவ. வார்த்தையெல்லாம் எனக்கு மனப்பாடம். நடுவுல ஒரு இருமல் வரும். அதுதான் வேணும்” என்றாள்.

“பேரு வைக்கச் சொன்னவ நான்தானே. வாலைத் தொடாம மாத்துன்னு சொல்லாமப் போனேனே.”

அவள் என் போனைப் பார்த்து, “உன் போன்ல அவிய பேசுனது எதும் இருக்கா?” என்று கேட்டாள்.

அவர் எனக்கு அனுப்பியதையெல்லாம் மேலே மேலே தள்ளித் தேடினேன். இருந்தது ஒரே ஒரு பொங்கல் வாழ்த்துப் படம். அதையாவது அனுப்பு என்றாள். அனுப்பினேன். அதைத் திறந்து பார்த்தபடியே ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினாள்.