‘இங்கே இல்லை’ என்றது தொலைபேசி

கேரளத்துச் சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்தில் நான் கங்காணியாக இருந்தபோது, எட்டு மாதக் கர்ப்பமாயிருந்த மனைவிக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. தோட்டத்து ஜீப்பில் மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவளுடைய அம்மா கூடப் போனார். மூத்த மகளுக்கு அம்மை போட்டிருந்ததால் நான் போக முடியவில்லை.

மறுநாள் தபாலாபீசில், ஆஸ்பத்திரியோடு பேச டிரங்க் கால் பதிவு செய்தேன். அதுவரை நான் தொலைபேசியைத் தொட்டதே இல்லை. இணைப்பு வந்ததும் யார், எங்கிருந்து என்று எதுவும் சொல்லாமல் மனைவியின் பெயரை மட்டும் கத்தினேன். மலையாளத்தில் ஒரு பெண் குரல், “பிரசவ வார்டோ? நில்க்கு” என்று காத்திருக்கச் சொன்னது. நெடுநேரம் இரைச்சல். பிறகு, “ஆள் இவிடெ இல்ல” என்றது.

இங்கே இல்லை என்றால் செத்துவிட்டாள் என்றே எடுத்துக்கொண்டு ரிசீவரை வைத்துவிட்டேன்.

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது. காய்ச்சலில் கிடந்த மகளைப் பார்த்ததும் “உங்கம்மா போயிட்டா” என்று கதறிவிட்டேன். அக்கம்பக்கத்து லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் கூடி அழ ஆரம்பித்தார்கள். போடிமெட்டிலிருந்து வந்து சேர்ந்த மைத்துனன் மட்டும் என் முன்னால் குந்தினான்.

“மச்சான், இங்க இல்லைன்னா எங்க இருக்குன்னு கேட்டீகளா?”

“கேக்கல.”

“பேசுனது யாரு?”

“தெரியலப்பா.”

அவன் என்னை எழுப்பித் தபாலாபீசுக்கே திரும்பக் கூட்டிப்போனான். மறுபடி பதிவு, மறுபடி காத்திருப்பு. வெளியே மழையில் நின்று, சொல்ல வேண்டியதை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். சாகவில்லை என்று நம்பவும் பயமாக இருந்தது.

மணி அடித்தது. “சூரியநெல்லித் தோட்டத்திலேர்ந்து பேசுறேங்க. நேத்து ஜீப்புல கொண்டாந்த கர்ப்பிணியோட புருஷன். பிரசவ வார்டுல இல்லைன்னு சொன்னாங்க. எங்க இருக்கான்னு பாத்துச் சொல்லணுங்க.” ஒன்றும் விடாமல் சொல்லிவிட்டேன்.

இம்முறை ஒரு நர்ஸ். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். “ஆபரேஷன் கழிஞ்ஞு, முடிஞ்சாச்சு. சர்ஜரி வார்டுக்கு மாத்தியாச்சு. அவங்களுக்கு உயிர் இருக்கு. குழந்தை கிட்டல.”

அப்படியே வைத்துவிடத்தான் கை போனது. மைத்துனன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

“சர்ஜரி வார்டு. அவ உசிரோட இருக்கா. புள்ள இல்ல. சரிதானுங்களே?” என்று நான் திருப்பிச் சொன்னேன்.

“அதே, ஆமா.”

“உங்க பேரு சொல்லுங்க. நாளைக்கு எப்பக் கூப்பிடலாம்?”

பெயரைச் சொல்லி, டாக்டர் பார்த்துப் போன பிறகு, பத்து மணிக்கு மேல் என்றார். “வைக்கட்டுங்களா” என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் வைத்தேன். எதிரே சுவர் மட்டும் இருந்தது. அதில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, இறந்த குழந்தைக்காகவும் பிழைத்தவளுக்காகவும் ஒன்றாக அழுதேன்.

மகளுக்குக் காய்ச்சல் இறங்கியதும் கீழே போனேன். மனைவி என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, “புள்ள எங்கங்க?” என்று. குழந்தை இறந்ததை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.