துபாய்க்காரர்களுக்கான நான்காவது பதிவு

தென்னூரில் ஒரு மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். வீட்டுக்குள் வைக்கிற வைஃபை கேமரா விற்றோம். வாங்கியவர்கள் கூப்பிட்டால் பதில் சொல்ல நான் ஒருத்திதான். "சிவப்பு லைட்டு சிமிட்டிக்கிட்டே இருக்குங்க" என்று காலையில் ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிவிடும். நன்றாக இருக்கிற கேமராவைப் பழுது என்று திருப்பித் தருவார்கள். முதலாளி ஒருநாள், "இப்படியே ரிட்டர்ன் வந்தா இதை விக்கறத நிறுத்திடுவேம்மா. அப்புறம் உனக்கு இங்க என்ன வேலை?" என்றார். என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

வேறு வழியில்லாமல் விளக்கப் பதிவுகள் எழுதினேன். வாங்குகிறவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். ரூட்டரில் 5ஜி என்று முடிகிற வைஃபை வேண்டாம், 2.4-இல் சேருங்கள் என்பது முதல் பதிவு. போனில் வரும் க்யூஆர் கோடைக் கேமராவின் கண்ணுக்கு நேரே ஒரு சாண் தள்ளிக் காட்டுங்கள் என்பது இரண்டாவது. ரீசெட் செய்வது மூன்றாவது. அழைப்புகள் குறைந்தன. பெட்டிகள் மட்டும் திரும்பி வந்துகொண்டே இருந்தன. எனக்கு அலுத்துவிட்டது.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பெண் பெட்டியோடு வந்தாள். "என் போன்ல தெரியுதுங்க. துபாய்ல அவங்களுக்குத்தான் தெரியல. புள்ள நடக்க ஆரம்பிச்சுட்டான், அதைப் பாக்கணும்ங்கறாங்க." அப்போதுதான் பிடிபட்டது. கேமரா ஒருவர் கணக்கில்தான் இருக்கும். மற்றவருக்கு அவர் பகிர வேண்டும். கணவர் கணக்குத் தொடங்கும்போது நாடு என்ற இடத்தில் அமீரகத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். நாடு வேறானால் எங்கள் ஆப்பில் பகிர முடியாது. அவரைப் போனில் கூப்பிட்டு, மின்னஞ்சல் கொடுத்து, இந்தியா என்று வைத்துப் புதுக் கணக்குத் தொடங்கச் சொன்னேன். அலுவலகத்திலேயே கேமராவை மாட்டி அவள் பகிர்ந்ததும் துபாயில் படம் வந்துவிட்டது. அதுதான் நான்காவது பதிவு. ரிட்டர்ன் பாதியாகக் குறைந்தது. கேமராவை நிறுத்துகிற பேச்சை முதலாளி விட்டுவிட்டார்.

சில வாரம் கழித்து அவளே கூப்பிட்டாள். "பகிர்ந்ததை எடுக்க முடியுமாங்க?"

"ஏங்க, தெரியலையா?"

"நல்லாத் தெரியுது. புள்ளையப் பாக்கறதில்ல, என்னைத்தான் பாக்கறாங்க. அடுப்படிக்குப் போனா கால் வருது. தெருவுக்கு எதுக்குப் போனேன்னு கால் வருது. எடுத்தா அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க. அவங்க ஆப்ல கேமராவே இருக்காது."

"அப்ப ஓடலைன்னு திருப்பி எடுத்துக்குவீங்களா?"

இன்னொரு ரிட்டர்ன் என்றால் முதலாளி என்னைத்தான் கேட்பார். கொண்டு வரச் சொன்னேன்.

பெட்டி வந்து சேர்ந்த மறுநாள் துபாயிலிருந்து அவள் கணவரின் அழைப்பு. "நாலாவது பதிவுல சொன்னபடியே செஞ்சோம். நல்லா ஓடிட்டிருந்துச்சேங்க?"

"பழுதாயிடுச்சுங்க."

"வேற ஒண்ணு மாத்திக் குடுங்க."

"ஸ்டாக் இல்லைங்க" என்றேன். என் பின்னால் அலமாரி நிறையப் பெட்டிகள் இருந்தன.