கேட்லாக்கில் காலியாக நின்ற கட்டம்

சுங்குவார்சத்திரத்தில் நெடுஞ்சாலையைப் பார்த்தபடி ஒரு சின்ன டிடிபி கடை. அங்கே கணினி முன் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, மஞ்சள் நீராட்டு விழா பேனர் என்று எல்லாவற்றுக்கும் எழுத்துக் கோத்துக் கொடுப்பது என் பிழைப்பு. பொறுமைசாலி என்று என்னை யாரும் சொன்னதில்லை. "கொஞ்சம் பெருசா, ஆனா சின்னதா" என்று கேட்கும் வாடிக்கையாளர்களோடு பத்து வருஷம் குப்பை கொட்டினால் புத்தருக்கே கோபம் வரும்.

ஒரு வியாழக்கிழமை காலை, கடை திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவதற்குள் ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். திருநெல்வேலிப் பக்கம். மூன்று வருஷம் ஒரு தொழிற்சாலை லைனில் காண்ட்ராக்டில் நின்றவள். காண்ட்ராக்ட் முடிந்ததும் கூட இருந்த இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறையிலேயே தையல் மெஷின் போட்டுவிட்டாள். லைனில் வேலை செய்பவர்களுக்கான கை உறை, ஏப்ரன், டூல் பை, மெஷின் மூடும் துணி எல்லாம் தைக்கிறார்கள். தைத்தார்களே தவிர, வாங்க ஆள் இல்லை.

"அக்கா, ஒரகடத்துல ஒரு கம்பெனி பர்ச்சேஸ் ஆபீசர் இன்னிக்கு மத்தியானம் வரச் சொல்லியிருக்காரு. மூட்டையத் தூக்கிட்டு வராதே, படம், விவரம், கோட் நம்பர் எல்லாம் போட்டு ஒரு பக்கத்துல கேட்லாக் கொண்டான்னு சொல்லிட்டாரு. இது கெடச்சா மூணு பேரும் பொழச்சிக்கிடுவோம். கெடைக்கலன்னா திங்கக்கிழமை மறுபடி காண்ட்ராக்டர் வேன்லதான் ஏறணும்."

அவள் கையில் செல்போன். அதில் ஒரு எக்செல் பட்டியல். அதையும் செல்போனிலேயே அடித்திருக்கிறாள். அந்த விரல்களுக்கு ஒரு கும்பிடு.

எக்செல் பட்டியலைக் கொண்டுவருபவர்கள் அதை அப்படியே பிரிண்ட் எடுத்தால் கேட்லாக் ஆகிவிடும் என்று நினைப்பார்கள். அது மளிகைச் சீட்டைக் காட்டி விருந்து என்று சொல்வது மாதிரி. ஆனால் பட்டியல் ஒழுங்காக இருந்துவிட்டால் மிச்சம் சுலபம். பக்கம் அமைக்கும் மென்பொருளில் ஒரே ஒரு கட்டம் வரைந்தால் போதும். மேலே படத்துக்கு இடம், அதன்கீழ் பெயர், இரண்டு வரி விவரம், மூலையில் கோட். பட்டியலில் மேலிருந்து கீழாக ஓடும் எந்தப் பத்தி எந்த இடத்தில் விழ வேண்டும் என்று காட்டிவிட்டால், அந்த ஒரு கட்டம் பட்டியலில் இருக்கும் அத்தனை வரிக்கும் தானே பெருகிக்கொள்ளும். அவளிடம் பன்னிரண்டு பொருள். குறுக்கே மூன்று, நெடுக நான்கு, ஏ4 தாளில் அழகாக அடங்கும்.

பட்டியலைத் திறந்தேன். வரிசை எண் பத்தியில் முதல் கட்டத்தில் 1 இல்லை. 'லாபம்' என்று இருந்தது. அதற்குக் கீழே 2, 3, 4.

"இன்னாமா இது?"

"எங்கப்பா பலசரக்குக் கடை வச்சிருக்காரு அக்கா. அரிசி அளக்கையில ஒண்ணுன்னு சொல்ல மாட்டாரு. லாபம், ரெண்டு, மூணுன்னுதான் எண்ணுவாரு. நானும் வாயத் தொறந்து ஒண்ணுன்னு எண்ணுனதே கெடையாது."

"நீ எண்ணாட்டி போ. கம்ப்யூட்டரு எண்ணும்." அதை அழித்து 1 என்று அடித்தேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்த்தும் வேலையைத்தான் கவனித்தேன்.

வரிசை எண்ணை வைத்தே கோட் உருவாக ஒரு சூத்திரம் போட்டேன்: எஸ்-001, எஸ்-002 என்று. படத்தின் கோப்புப் பெயரும் அதே எண்தான்: 1.jpg, 2.jpg. படத்துக்கான பத்தித் தலைப்பின் முன் @ குறி போட வேண்டும். அப்போதுதான் இது எழுத்தல்ல, படம் என்று பக்கம் அமைக்கும் மென்பொருளுக்குப் புரியும். அந்த @ குறியைச் சும்மா அடித்தால் எக்செல் முறைத்துக்கொள்ளும். முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி வைத்துத் தாஜா செய்ய வேண்டும்.

படங்களைப் பார்த்தபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளைப் பின்னணி வேண்டும் என்று யாரோ சொல்ல, வாடகைக்கு விட்ட வீட்டுச் சொந்தக்காரரின் பட்டு வேட்டியை இரவல் வாங்கி விரித்து எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஏப்ரனுக்குப் பின்னாலும் ஜரிகைக் கரை மின்னியது, ஏதோ அந்த ஏப்ரனுக்குத்தான் முகூர்த்தம் மாதிரி. கரையை வெட்டினேன். படத்தைக் கட்டம் நிறைய வரும்படி வைத்தால் நீளமான கை உறையின் நுனி வெட்டுப்பட்டது. அதனால் முழுப் படமும் உள்ளே அடங்கும்படி மாற்றினேன். ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை விடும், விட்டுப் போகட்டும்.

சோதனைக்கு முதல் வரியை ஓட்டிப் பார்த்தேன். முதல் பொருள், தகட்டு விளிம்பு கிழிக்காமல் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல் வரை மூடும் கை உறை. படம், பெயர், எஸ்-001 எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தன. ஆனால் விவரம் இரண்டு வரியில் அடங்கவில்லை. ஒரு கை உறைக்கே பாரா பாராவாக எழுதியிருந்தாள்.

"நீயே சுருக்கு" என்று எக்செலை அவளிடம் தள்ளிவிட்டு, பேனர் அளவு சொல்ல வந்த ஒரு தாய்மாமனிடம் மல்லுக்கட்டப் போனேன். திரும்பி வந்தபோது விவரங்கள் எல்லாம் சிக்கென்று இரண்டு வரியில் இருந்தன. சபாஷ் என்றேன். வாடிக்கையாளர் கை வைத்த பட்டியலில் வரிகள் இடம் மாறியிருக்கும் என்பது என் அனுபவம். அதனால் வரிசை எண்படி ஒருமுறை அடுக்கிவிட்டுத்தான் சேமிப்பேன். அன்றும் அப்படியே அடுக்கி, தமிழ் எழுத்து கேள்விக்குறியாக மாறாமலிருக்க யூனிகோட் உரையாகச் சேமித்து, பக்கம் அமைக்கும் மென்பொருளில் புதுப்பித்து, பிரிண்ட் கொடுத்தேன். படம் கிடைக்கவில்லை என்றால் எச்சரிக்கும் பெட்டி ஒன்று உண்டு. தொணதொணப்பு தாங்காமல் அதை எப்போதோ அணைத்து வைத்திருந்தேன்.

தாள் வந்தது. மேல் வரிசையைப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. பிளாஸ்டிக் உறையில் போட்டேன். எனக்கும் ஒரகடத்தில் அதே கம்பெனியில் அடையாள அட்டைக் கயிறு ஒப்படைக்கும் வேலை இருந்ததால் அவளை ஸ்கூட்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டேன்.

கேட்டில், உள்ளே படம் எடுக்கக் கூடாதென்று இருவரின் செல்போன் கேமரா மீதும் ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே விட்டார்கள். வரவேற்பறையில் காத்திருக்கும்போது அவள் உறையிலிருந்து தாளை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே வெளிறிப் போனாள்.

பன்னிரண்டாவது கட்டம் காலி. படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. கீழே கை உறையின் பெயர், விவரம். மூலையில் 'எஸ்-லாபம்'.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விவரம் சுருக்கிய கையோடு இவள் அந்த 1-ஐ மறுபடி லாபம் ஆக்கியிருக்கிறாள். எண்ணையும் எழுத்தையும் சேர்த்து அடுக்கச் சொன்னால் எக்செல் எண்களை முதலில் வைக்கும், எழுத்தைக் கடைசிக்குத் தள்ளும். கோட் போடும் சூத்திரம் லாபத்தை அப்படியே ஒட்டிவிட்டது. படத்துக்கு லாபம்.jpg என்று தேடியிருக்கிறது. அப்படி ஒரு படம் உலகத்திலேயே இல்லை.

"அறிவு கீதா உனுக்கு?" என்றேன், வரவேற்பறை என்பதையும் மறந்து. "ஒரு நம்பருக்காக உன் பொழப்ப நீயே கெடுத்துக்கினியே!"

"மொத ஏவாரம் அக்கா" என்றாள். "மொத வரியில லாபம்னு இல்லாம எப்படி அனுப்புவேன்?" கண்ணில் நீர் முட்டி நின்றது. இவள் நல்ல சரக்கு என்று வைத்திருந்ததே அந்தக் கை உறை ஒன்றுதான். எனக்கு ஆத்திரமும் பரிதாபமும் சேர்ந்து வந்தன. இரண்டையும் என்ன செய்வது என்று தெரியவில்லை. அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

பர்ச்சேஸ் ஆபீசர் ஐம்பதை நெருங்கும் மனிதர். தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வரிசையாகப் பார்த்தார். மூன்று வரிசை தலையாட்டிக்கொண்டே வந்தவர் கடைசிக் கட்டத்தில் நின்றார்.

"இன்னாமா, இதுக்குப் படம் எங்க?"

சமாளிக்க நான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள். சுடிதாரின் முழுக்கையை மேலே ஏற்றினாள். உள்ளே அந்தக் கை உறையைப் போட்டிருந்தாள். தைத்த நாளிலிருந்து போட்டுப் போட்டுப் பார்ப்பாளாம். அதை இழுத்துக் கழற்றி, நான்காக மடித்து, தாளில் காலியாக இருந்த கட்டத்தின் மேல் வைத்தாள். அவள் முன்கையில், லைனில் தகடு கிழித்த பழைய தழும்பு நீளமாகத் தெரிந்தது.

அவர் தழும்பைப் பார்த்தார். உறையை எடுத்துத் தன் கையில் மாட்டினார். மேஜை விளிம்பில் முன்கையை அழுத்தித் தேய்த்தார். தையலைத் திருப்பி நகத்தால் நெம்பிப் பார்த்தார். பிரியவில்லை.

"தோய்ச்சா சுருங்குமா?"

"நாலு தடவ துவைச்சதுதான் சார் இது."

"சரி. இத்த மட்டும் ஒரு லைனுக்கு ட்ரையல் போட்டுப் பாப்போம்." கணினிப் பக்கம் திரும்பினார். "சிஸ்டத்துல ஏத்தணும். கோட்ல இன்னாமோ தமிழ்ல போட்டுகினு கீறே, இது எடுக்காது. நம்பர் சொல்லு."

அவர் விரல் விசைப்பலகை மேல் நின்றது. நான் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அவள் சரக்கு, அவள் வியாபாரம். ஏனோ வாயை மூடிக்கொண்டேன்.



"எஸ். ஜீரோ ஜீரோ…" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "ஒண்ணு சார்."

அவர் அடித்தார். பிரிண்டர் ட்ரையல் ஆர்டர் தாளைத் துப்பியது.

வெளியே வந்து ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன். ஒரகடம் மேம்பாலத்தில் ஏறினோம். பிறகு என் தோளைத் தொட்டு, காதோரம் வந்து கேட்டாள்.

"அக்கா, எங்கப்பா எப்பவாவது போன் போட்டா, நான் ஒண்ணுன்னு சொன்னத மட்டும் சொல்லிராதீங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வண்டி ஆடுகிற அளவுக்குச் சிரித்தேன். அவளும் சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். முதுகில் ஈரம் பட்ட பிறகுதான் தெரிந்தது, அவள் அழுதுகொண்டிருந்தாள். வண்டியை நிறுத்தவில்லை. மெதுவாக மட்டும் ஓட்டினேன்.