பைக்கு அடியில் செய்தித்தாள்

என்னங்க, இதை நேரில் சொன்னால் "போ, வேற வேலை இல்லையாட்டி" என்று எழுந்து போய்விடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு மூன்று வருடம் ஆகிறது. தினமும் நான்கு வேளை ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, முகக்கவசம் கட்டி, கையைத் தேய்த்துக் கழுவி, வெதுவெதுப்பாக்கிய திரவப் பையை என் வயிற்றுக் குழாயில் மாட்டுகிறீர்கள். வயிற்றில் இருந்த பழைய நீர் கழிவோடு இறங்க இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் நான் பாதித் தூக்கத்தில் மிதப்பேன். வெளியே தென்காசித் தெருவில் சாரல் விழும் சத்தம் மட்டும் கேட்கும். இறங்கிய பையைச் செய்தித்தாள் மேல் வைத்து, "எழுத்து தெரியுதுட்டி" என்பீர்கள். தெரிந்தால் கிருமி இல்லை, நிம்மதி.

இந்த சீசனில் நான்தான் வம்படியாக உங்களைக் குற்றாலத்துக்குக் குளிக்க அனுப்பினேன். எனக்கு அருவி ஆகாது என்பதால் நீங்களும் போகாமல் கிடந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. மதிய வேளைப் பையை நானே மாற்றினேன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மாற்றினேன். குழாயின் மூடியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, முகத்தில் சாரல் பட, நினைவில் எங்கேயோ போய்விட்டேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. சுகமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டாம் நாள் வயிற்றுவலி. பை கஞ்சித் தண்ணீராக இறங்கியது, எழுத்து தெரியவில்லை. அந்தப் பையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மருந்தைத் திரவப் பையிலேயே கலந்து ஏற்றச் சொன்னார் டாக்டர். ஐந்து நாளில் தெளியாவிட்டால் குழாயை எடுத்துவிட வேண்டும். அப்புறம் வாரம் மூன்று நாள் திருநெல்வேலியில் ரத்தம் சுத்திகரிக்கும் மெஷினோடு படுக்க வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நீங்கள் நகத்தை ஒட்ட வெட்டி, பிரஷ் போட்டுக் கையைத் தேய்த்தீர்கள். "என் கையிலதான் ஏதோ இருந்திருக்கு" என்றீர்கள். தோல் சிவந்துவிட்டது. பார்க்க முடியாமல், அன்று ஜன்னலைத் திறந்து வைத்து மாற்றியதைச் சொல்லிவிட்டேன்.

"கிறுக்கு புடிச்சிருக்காட்டி உனக்கு? நான் குளிக்கப் போனதே தப்புன்னு ஆக்கிட்டியே!" என்று கத்தினீர்கள்.

அதன்பின் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டே மருந்தைக் கலந்தீர்கள். வேளை தவறாமல் பை மட்டும் மாறியது.

மருந்து ஏற்றிய நான்காம் நாள், பைக்கு அடியில் செய்தித்தாளின் ரயில் நேரம் தெளிவாகத் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்கள் சோப்பை எடுத்து என் முன்னால் வைத்தீர்கள்.

"இனிமே காலைல உள்ள பைய நீயே மாத்து. நான் பக்கத்துல இருந்து பாக்கேன். தப்பாச் செஞ்சா ஏசுவேன்."

வருகிறவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துப் பாவமென்று உச்சுக் கொட்டுகிறார்கள். என்னை ஏசுவதற்கு நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். அதற்குத்தான் இந்த நன்றி.