ரொக்கெட்டின் கழுத்தில் சந்தன மாலை

லண்டன் இல்ஃபோர்டில் ரயில் ஏறும்போது அம்மா போனில் அழைத்தார். "சிவராசா மாமா போயிட்டார் பிள்ளை. காலமை, நித்திரையிலயே." அழுகை வந்தது. கூடவே அவருடைய சந்தன மணிமாலையும் நினைவுக்கு வந்தது, கொஞ்சம் சிரித்துவிட்டேன். அவரை அறிந்தவர்கள் மன்னிப்பார்கள்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவர் அவர். டாக்சி ஓட்டுபவர். யார் எதைச் செய்தாலும் அந்த மாலையைப் போட்டுப் படமெடுப்பார். பிறகு கழற்றிக்கொள்வார். "அடுத்த ஆளுக்கும் வேணுமெல்லோ."

ஒருமுறை பள்ளிக் கண்காட்சிக்கு, அங்கே படிப்பிக்கும் நான், இருநூறு வருடங்களுக்கு முந்தைய மைசூர்ப் படையின் இரும்பு ரொக்கெட்டுகளைத் தலைப்பாக எடுத்துக்கொண்டேன். வெடிமருந்து ரொக்கெட்டுகள் முன்பே இருந்தன. ஆனால் அவற்றின் காகிதக் குழாய் அதிக அழுத்தத்தில் கிழிந்துவிடும். இரும்புக் குழாய் தாங்கும். அதனால் மருந்தை இறுக்கி அடைக்கலாம். எரியும் வாயு வேகமாகப் பின்னால் பாய, குழாய் வெகுதூரம் முன்னால் போகும். பக்கத்தில் கட்டிய நீண்ட மூங்கில் அதை நேராக வைத்திருக்கும். போரில் கிடைத்தவற்றை ஆங்கிலேயர் இங்கே லண்டனில் வூலிச் ஆயுதசாலைக்குக் கொண்டுவந்து ஆராய்ந்தார்கள். பிறகு வந்தவர்கள் மூங்கிலைக் கைவிட்டு, ரொக்கெட்டையே சுழலவைத்தார்கள். அதன் ஓட்டத்துக்குக் கணக்கும் எழுதினார்கள்.

"இதை நம்பவைக்கிறதுக்குப் பறக்கவிட்டுக் காட்டவேணும்," என்றேன் மாமாவிடம்.

"வெடிமருந்தோ? என்னைப் பிடிச்சுக்கொண்டு போகப்போறாங்கள்."

"இல்லை மாமா. தண்ணி, காத்து, சைக்கிள் பம்ப்."

பழச்சாறு அட்டைப்பெட்டியில் காற்றடித்தேன், ஓரம் பிரிந்தது. பிளாஸ்டிக் சோடாப் போத்தல் தாங்கியது. அதுதான் என் இரும்பு. ஆனால் பக்கத்தில் கட்டிய மூங்கில் கம்பு மாமாவின் காருக்குள் அடங்கவில்லை. பாதியாக வெட்டினோம்.

மைதானத்தில் போத்தல் எழுந்தது, குட்டிக்கரணம் அடித்தது, வடைத் தட்டில் விழுந்தது. "இன்னும் ஒருக்காத்தான். திரும்பவும் இப்பிடிப் போனா நிப்பாட்டவேணும்," என்றார் பள்ளி அதிபர். என் வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். இனி மைசூரைப் பற்றி நான் என்ன சொன்னாலும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

மாமா மாலையோடு வந்தார்.

"இன்னும் பறக்கேல்லை மாமா."

"பறந்தாப் பிறகு எல்லாரும் போடுவினம். பறக்க முதலே போடவேணும்." போத்தலின் மூக்கில், மேலே பார்த்து நின்ற அதன் அடிப்பக்கத்தில், மாலையை இறுக்கிச் சுற்றி, டேப்பால் ஒட்டினார். படமும் எடுத்தார்.

நான் பம்ப் அடித்தேன். போத்தல் நேராக, வேலியைத் தாண்டிப் போனது. எனக்கு அப்போதுதான் புரிந்தது: பாரம் மூக்குக்குப் போய்விட்டது, வால் விலகினால் காற்றே அதைத் திருப்பி நேராக்குகிறது. கம்பு நீளத்தால் செய்யவேண்டியதை மணிகள் பாரத்தால் செய்தன. சிரித்த பிள்ளைகள் "ஏன் நேராப் போனது?" என்று என்னைச் சுற்றிக்கொண்டார்கள். மைசூரிலிருந்து தொடங்கிச் சொன்னேன்.

மாமா மட்டும் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பிள்ளை, என்ர மாலை?"

வேலிக்கு அப்பால் தேடி எடுத்து வந்தேன். முதன்முறையாக அவர் அதைத் திரும்ப வாங்கவில்லை. இப்போது அது என் மேசையில், நசுங்கிய போத்தலின் மூக்கில் இருக்கிறது. அடுத்த கண்காட்சியில் முதன்முறை பறக்கவிட வரும் பிள்ளைக்கு, பம்ப் அடிக்க முதலே போடுவேன்.