கோயிலைத் தூரத்தில் வைத்தோம்

எங்கள் கணினி விளையாட்டில் ஒரு கழுதை மன்னார்த் தெருவில் தானாக ஓடும். உடைந்த மதகு வந்தால் நாம் ஒரு விசையைத் தட்டி அதைப் பாய வைக்கவேண்டும். அவ்வளவுதான். நிரல் எழுதியது நான், படம் கீறியது தங்கச்சி. அவளுக்கு ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை பார்த்து வைத்திருந்தார் அம்மா. திங்கட்கிழமை போய்க் கதைக்கவேண்டும். அதற்குள் அம்மா இதை ஒருதரமாவது விரும்பி ஆடிவிட்டால், கீறுவதையே தொழிலாக்கிக்கொள்ளக் கேட்கலாம் என்பது அவளுடைய கணக்கு. எனக்கு அம்மாவைத் தெரியும். பயமாகத்தான் இருந்தது.

பின்னணியை அடுக்கடுக்காக வைத்திருந்தோம். வானம் அசையாது. கடல் மெல்ல நகரும். பனைகள் தெருவின் பாதி வேகத்தில் போகும். கிட்ட இருப்பது விரைவாகவும் எட்ட இருப்பது ஆறுதலாகவும் போனால் தட்டைத் திரையிலும் ஆழம் தெரியும். பஸ் யன்னலோரம் இருந்து பயணம் போனவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பனை அடுக்கில் தங்கச்சி ஒரு மாதா கோயிலும் கீறியிருந்தாள், மணிக்கூண்டு, படிக்கட்டு, கொடிமரம் எல்லாம் வைத்து.

அம்மா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். கழுதை ஓடியது. கோயில் வந்தது. அம்மா விசையிலிருந்து வலக்கையை எடுத்துச் சிலுவை போட்டார். நல்லகாலம், அப்போது மதகு இல்லை. சற்று நேரத்தில் அதே கோயில் திரும்ப வந்தது. மறுபடியும் சிலுவை. மூன்றாந்தரம் கோயிலும் மதகும் ஒன்றாக வர, கழுதை உள்ளே விழுந்தது.

பிழை என்னுடையதுதான். பனை அடுக்கு ஒரு திரையளவு நீளப் படம். முடிந்ததும் அதுவே பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். பனை திரும்பி வந்தால் யாரும் கவனிப்பதில்லை. கோயில் வந்தால் எங்கள் வீட்டில் கவனிப்பார்கள்.

"எத்தினை கோயிலடி கட்டி வைச்சிருக்கிறியள்?" என்றார் அம்மா. இடக்கையால் விசையைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். முறைத்தார்.

கோயிலை எடுத்துவிடு என்றேன் தங்கச்சியிடம். அவள் அம்மாவைவிட மோசமாக முறைத்தாள். கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். திரும்பத் திரும்ப வரும் படத்திலிருந்து அதைப் பிரித்து, பனைகளுக்குப் பின்னால் தனி அடுக்கில் ஒரேயொரு கோயிலாக வைக்கலாம். ஆனால் தூரத்தில் இருப்பது சின்னதாகவும் மங்கலாகவும் இருக்கவேண்டும். படிக்கட்டும் கொடிமரமும் போய்விடும். ஆசையாய்க் கீறியதை அவள் மூஞ்சியை நீட்டிக்கொண்டு திரும்பக் கீறியபோது எனக்கும் பாவமாக இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து அம்மா மறுபடி இருந்தார். பனைகள் விறுவிறென்று போயின. அவற்றுக்குப் பின்னால் கோயில் ஆறுதலாக வந்தது. ஒரு சிலுவை. பிறகு கை விசையிலேயே இருந்தது. கோயில் நெடுநேரம் கூடவே வந்து மெல்லப் பின்தங்கியது. மதகெல்லாம் பாய்ந்து கழுதை முடிவுக்குப் போய்ச் சேர்ந்தது.

"அந்தக் கோயிலைக் கிட்டப் போய்ப் பாக்கேலாதோ?" என்று கேட்டார் அம்மா.

"ஏலாதம்மா. அது தூரத்திலதான் நிக்கும். கிட்டப் போறதெண்டால் அடுத்த கட்டத்துக்குப் பெரிசாக் கீறவேணும்," என்றாள் தங்கச்சி.

"அப்ப நாளைக்கு வீட்டில இருந்து அதைக் கீறு," என்றார் அம்மா. "கந்தோருக்கு நான் சொல்லிவிடுறன்."